வேலைக்குப் படித்த ஜெர்மன்

மொழி கற்பது பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு கருத்தை எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறார்கள். வேலைக்காகக் கற்ற மொழி வேலையோடு நின்றுவிடும், அந்த மக்களோடு கலந்து வாழ ஆசைப்பட்டுக் கற்பவருக்கே மொழி முழுதாக வசப்படும் என்பதுதான் அது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஜெர்மனிக்குப் போகும் செவிலியர்களைப் பற்றி இப்போது இதைத்தான் சொல்கிறார்கள்: சம்பளத்துக்காகப் படிக்கிறார்கள், சான்றிதழ் கைக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். செவிலியர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தப் பேச்சு கோபத்தை உண்டாக்குகிறது. இதை நம்பித்தான் அவர்களுடைய வகுப்புகள் திட்டமிடப்படுகின்றன, இதை நம்பித்தான் அவர்களுடைய தடுமாற்றத்துக்குப் பழி சுமத்தப்படுகிறது.

அன்பால் கற்பவரே நன்றாகக் கற்பார் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு என்பார்கள். உண்டுதான். ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் 1959இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆங்கிலம் பேசும் 75 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்தார்கள். பிரெஞ்சு மொழியினரோடு பழகி அவர்களை அறிய விரும்பிய மாணவர்கள், வேலை முதலிய பயன்களுக்காகக் கற்றவர்களைவிட பிரெஞ்சில் மேலாக இருந்தார்கள். ஆனால் அது மான்ட்ரியல். பிரெஞ்சுக்காரர்கள் அடுத்த தெருவிலேயே வாழ்கிற ஊர். கலந்து பழகும் ஆசைக்கு அங்கே கைக்கெட்டும் தூரத்தில் ஆட்கள் இருந்தார்கள். யாஸ்மீன் லுக்மானி 1972இல் பம்பாயில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட 60 பள்ளி மாணவிகளிடம் ஆங்கிலத்தைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டபோது விடை தலைகீழாக வந்தது. அந்தப் பெண்களுக்கு ஆங்கிலேயரோடு கலக்கும் ஆசை பெரிதாக இல்லை. நல்ல வேலை, முன்னேற்றம் என்ற பயன் நோக்கம்தான் வலுவாக இருந்தது, ஆங்கிலத் தேர்ச்சியோடு பொருந்திப் போனதும் அந்த நோக்கம்தான். எந்த நோக்கம் பலன் தரும் என்பது கற்பவரின் மனத்தை மட்டும் பொறுத்ததன்று, அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஜெர்மன் படிக்கும் பெண்ணுக்குக் கலந்து பழக அக்கம்பக்கத்தில் ஜெர்மானியர் யாரும் இல்லை. அங்கே அவரை நடத்திச் செல்வது வேலைதான், அது போதுமான வலுவோடு நடத்திச் செல்கிறது. ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து பி2 நிலைக்கு வர ஏறத்தாழ 600 முதல் 800 பாடவேளைகள் ஆகும். இரவுப் பணி முடித்துவிட்டு வந்து அத்தனை மணிநேரம் உட்காருகிறவரின் நோக்கத்தை மேலோட்டமானது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்து, வேலைக்கு வேண்டிய மொழி கொஞ்சம், உறவுக்கு வேண்டிய மொழி நிறைய என்ற எண்ணம். ஜெர்மனியின் சட்டமே இதற்கு எதிராக நிற்கிறது. அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க பி1 நிலை போதும். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கும் திறன்பெற்ற பணியாளர்களிடம் பி1தான் கேட்கிறார்கள். முழுத் தகுதியுள்ள செவிலியராகப் பதிவு பெறவோ பெரும்பாலான மாநிலங்களில் பி2 வேண்டும். அந்த மண்ணின் குடிமகளாவதற்குக் கேட்பதைவிட, அங்கே ஒரு நோயாளியின் படுக்கையருகே நிற்பதற்கு அதிக மொழி கேட்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

வார்டில் என்ன பேச வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பணி மாறும் நேரத்தில், முந்தைய வேளைச் செவிலியர் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். சுருக்கச் சொற்களில், அரை வாக்கியங்களில், சில நிமிடங்களில் முடிந்துவிடும். என்னிடம் படித்து ஸ்டுட்கார்ட் பக்கம் போன ஒரு திருநெல்வேலிப் பெண் முதல் மாதத்தில் அழைத்துச் சொன்னார்: "சார், பேஷண்ட் பேசுறதக் கூட சமாளிச்சுடுறேன், நர்ஸுங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதுதான் பிடிபடல." பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. அந்த நான்கில் எதிலும் இந்த அரை வாக்கிய ஒப்படைப்பு இல்லை. வட்டார வழக்கும் இல்லை. அந்தப் பகுதியில் பேசப்படும் ஸ்வாபிய வழக்கில் பாதத்தைக் குறிக்கும் சொல்லை இடுப்புவரை உள்ள முழுக் காலுக்கும் சொல்வார்கள். கிழவர் ஒருவர் பாதம் வலிக்கிறது என்று சொல்ல, செவிலியர் போர்வையை விலக்கிப் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் தொடையில் இருக்கும் வலி குறிப்பேட்டில் ஏறாது. மறதி நோய் முற்றியவர்களோ பாடப்புத்தக ஜெர்மனுக்கு வருவதே குறைவு, சிறுவயதில் பேசிய வழக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். தனக்கு வேண்டியதை வெட்கத்தோடு கேட்கும் முதியவரிடம் எந்தச் சொல்லால் பதில் சொல்வது, இறந்தவரின் மகளிடம் வராந்தாவில் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் வேலையின் மொழிதான். மனிதர்களோடு கலப்பதற்கு இதைவிட நெருக்கமான பேச்சு வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலைக்காகக் கற்ற மொழி வேலையோடு நின்றுவிடும் என்ற வாதத்தில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கார்ட்னரும் பீட்டர் மக்கின்டயரும் 1991இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், சொற்களைக் கற்றால் பணம் என்று ஒரு பகுதி மாணவர்களிடம் சொன்னார்கள். அவர்கள் அதிக நேரம் படித்தார்கள், அதிகம் கற்றார்கள். பணத்துக்கான வாய்ப்பு நீங்கியதும் அந்த உழைப்பும் நின்றது. செவிலியர் வாழ்க்கையிலும் இப்படி ஓர் இடம் வருகிறது. ஜெர்மனிக்குப் போனவர் முதலில் உதவியாளர் சம்பளத்தில் வேலை செய்வார். இந்தியப் படிப்பில் என்ன குறை என்று அரசு அலுவலகம் எழுதித் தந்திருக்கும். அதை ஈடுகட்ட ஒரு பயிற்சிக் காலத்தை முடிக்க வேண்டும், அல்லது தேர்வு எழுத வேண்டும். பிறகு பதிவுச் சான்று வரும், சம்பளம் உயரும். அந்தச் சான்று வந்த பிறகுள்ள மாதங்களில் பலருக்கும் படிப்பு படுத்துவிடுகிறது. திருநெல்வேலிப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஆயிற்று. வகுப்பு இல்லை, தேர்வு இல்லை, மூன்று வேளைப் பணி, அறைக்கு வந்தால் உடன் தங்கியிருக்கும் கேரளத்துத் தோழிகளோடு மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு.

இதைப் பார்த்துத்தான் "பார்த்தீர்களா, சம்பளம் வந்ததும் ஆர்வம் போய்விட்டது" என்கிறார்கள். நோக்கம் ஒருமுறை பிறந்து அப்படியே இருக்கும், முதல் நாள் நோக்கமே கடைசிவரை செல்லும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. நான் பார்த்த பாதை வேறு. அந்தப் பெண்ணின் கணவர் பின்னால் வந்து சேர்ந்தார், குழந்தை பிறந்தது, மூன்று வயதில் மழலையர் பள்ளிக்குப் போயிற்று. அங்கே மாலையில் பெற்றோர் கூட்டம். கொட்டும் மழையிலும் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவது பற்றி மற்றத் தாய்மார்கள் விவாதிக்கிறார்கள், வார்டு ஜெர்மனில் அதற்கு வழியில்லை. மறுக்கவும் தெரிய வேண்டும், மறுப்பது முரட்டுத்தனமாகத் தோன்றாமலும் இருக்க வேண்டும். அந்த வாரமே அவர் மறுபடி புத்தகத்தை எடுத்தார். இப்போது அவர் தேடியது அந்தக் கூட்டத்தில் ஒரு இடம். அவர் அங்கே நின்று பேசத் துணிந்ததற்குக் காரணம், வேலைக்காகக் கற்ற ஜெர்மன் ஏற்கெனவே கையில் இருந்ததுதான். குடும்பத்துக்காக மட்டும் வந்த கணவர், கலந்து வாழும் ஆசையோடுதான் வந்தார். ஆனால் அவரைப் பேசவைக்கும் கட்டாயம் ஒரு நாளில் ஒருமுறைகூட நேரவில்லை. வேலை கிடைத்த பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது.

ஜெர்மனிக்கு 1980களில் அகதிகளாகப் போன ஈழத் தமிழர்களின் முதல் தலைமுறையும் இதற்குச் சாட்சி. புகலிடம் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு வேலைத் தடை இருந்தது, அரசின் மொழி வகுப்புக்கு உரிமை இருக்கவில்லை. குடியேறுவோருக்கான ஒருங்கிணைப்பு வகுப்புகளே 2005இல்தான் தொடங்கின. அவர்களில் பலர் உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைத்த பிறகு ஜெர்மன் கற்றார்கள்.

கடைசியாக, இன்னும் கலக்கவில்லை என்றால் அவருக்கு விருப்பமில்லை என்று பொருள் என்பவர்களுக்கு. பானி நார்ட்டன் 1990களின் தொடக்கத்தில் கனடாவில் குடியேறிய ஐந்து பெண்களை நாட்குறிப்புகள் எழுதவைத்து நெடுநாள் கவனித்தார். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஒரு தாய் அவர்களில் ஒருவர். தொலைபேசி மணி அடித்தால் மகளை எடுக்கச் சொல்லும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலத்தில் பேச அச்சம். வீடு மாறியபோது, முழு ஆண்டு வாடகையும் தர வேண்டும் என்று வீட்டுக்காரர் வற்புறுத்தினார். அந்தத் தாய் தொலைபேசியில் ஒரு மணிநேரத்துக்கு மேல் அவரோடு வாதாடினார், இலக்கணக் காலங்களை நினைத்துக்கூடப் பார்க்காமல். பிள்ளைகள் வியந்து நின்றார்கள். இதை வேலை நோக்கம் என்பதா, உறவு நோக்கம் என்பதா? நோக்கம் என்ற சொல் போதாமல்தான் நார்ட்டன் 'முதலீடு' என்ற சொல்லை எடுத்தார். தான் யார் என்ற எண்ணத்தோடு பிணைந்து, இடத்துக்கு இடம் கூடிக் குறைவது அது. அதே பெண்களில் சிலர் வேலையிடத்தில் வாய் திறக்காமல் இருந்தார்கள். உடன் வேலை செய்தவர்கள் அவர்களைத் துடைப்பம் பிடிக்கும் ஆளாகவே நடத்தியதால் பேசும் வாய்ப்பே வரவில்லை. ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் எதிரே நிற்பவர் காது கொடுத்தால்தான் பேச்சு நடக்கும். புதிதாக வந்த செவிலியரைக் கண்டதும் வாக்கியத்தை முடிக்கவிடாமல் முந்திக்கொண்டு சொல்லிவிடும் சக ஊழியர், அவருடைய பயிற்சியைத்தான் பறிக்கிறார்.

ஆகவே பதிவுச் சான்று கிடைத்த கையோடு மருத்துவமனைகள் மொழிப் பயிற்சியை நிறுத்துவதுதான் தவறு. உழைப்பு தளரும் இடம் எது என்று தெரிந்திருக்கிறது, அங்கேயே பணி நேரத்துக்குள் வாரம் ஒரு வகுப்பு வைக்கலாம். வட்டார வழக்கையும் பணி ஒப்படைப்பையும் பாடமாக்கலாம், பெற்றோர் கூட்டத்தையும் கூட. திருநெல்வேலிப் பெண் இப்போது சி1 நிலைக்குப் படிக்கிறார். பயிற்சிச் செவிலியர்களை வார்டில் வழிநடத்தும் பொறுப்புக்கான 300 மணிநேரப் பயிற்சியில் சேர வேண்டுமாம். அந்தப் பொறுப்பு கிடைத்தால் அவருக்கு உயர்வும் உண்டு, ஜெர்மன் பிள்ளைகள் அவரிடம் கேட்டுக் கற்கவும் செய்வார்கள். அவர் என்னிடம் கேட்டது, தவறு செய்த மாணவியை ஜெர்மனில் மனம் நோகாமல் எப்படித் திருத்துவது என்றுதான்.