சூட்டின் மேல் பழிபோட்ட வாய்ப்புண்

“வாய்ப்புண்ணோ? சூடுதான். இளநி குடி, ஒரு அட்டை பி கொம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடு, போயிரும்.” திருகோணமலையில் இந்த வைத்தியம் சொல்லப் பட்டம் எதுவும் வேண்டாம். மீன் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் சொல்கிறார்கள், பார்மசிக்காரரும் சில்லறையோடு சேர்த்து இதையே தருகிறார். கன்னியாவில் வெந்நீர் ஊறுகிற மாவட்டம் என்பதால் நம்மவர் வாயிலும் ஏதோ ஊற்று இருப்பதாக நினைக்கிறார்களோ என்னவோ. வெயிலே காரணம் என்றால், உச்சி வெயிலில் துறைமுகத்தில் நிற்பவனுக்கு வராத புண், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு மாதாமாதம் வருவது ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

சூட்டுக் கட்சியின் பெரிய சாட்சி, “எனக்கு மாறினதே!” என்பது. மாறத்தான் செய்யும். சாதாரண வாய்ப்புண் ஒரு சென்ரிமீற்றருக்கும் சிறியது. நடுவில் வெளுத்த மஞ்சள், சுற்றிச் சிவந்த கரை, உதட்டின் உட்புறத்திலோ கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வரும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஏழு முதல் பதினான்கு நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். புண் வந்த முதல் மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம், நாலாம் நாள் எரிவு தாங்காமல் குளிசை வாங்குவோம், பத்தாம் நாள் புண் ஆறும், பெயர் குளிசைக்குப் போகும். அன்று தேங்காய்ப்பாலில் கொப்பளித்திருந்தால் பெயர் தேங்காய்ப்பாலுக்கு, மணத்தக்காளி தின்றிருந்தால் மணத்தக்காளிக்கு. கோயிலில் நேர்ந்திருந்தால் அர்ச்சனைக்கு. தானாக ஆறும் நோயில் எல்லா மருந்தும் வெல்லும். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் அப்படி ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளாந்த மல்டிவிட்டமின் குளிசையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிக் குளிசையும் ஓராண்டு கொடுத்தார்கள். புண்ணின் எண்ணிக்கையும் குறையவில்லை, ஆறும் நாளும் குறையவில்லை.

“அப்போ விட்டமின் குறைவே பொய்யோ?” என்பார்கள். இல்லை, உண்மையானது. ஆனால் குறைவு என்றால் எதில் குறைவு? திரும்பத் திரும்பப் புண் வருகிறவர்களில் சிலருக்கு இரும்பு, போலேற், பி12 ஆகிய மூன்றில் ஒன்று குறைந்திருக்கும். எவருக்கும் தயங்காமல் நீட்டப்படும் அட்டையைத் திருப்பி, பின்னால் இருப்பதை வாசியுங்கள். பலவற்றில் பி1, பி2, பி3, பி6தான் இருக்கும். இரும்பு இராது, பி12உம் போலேற்றும் பல வேளைகளில் இராது. காணாமற் போன மாட்டைத் தேட ஆட்டுக் கொட்டிலுக்குள் போவதுதான் இது. ஒரு இருபத்தெட்டு வயதுப் பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். மாதவிடாய் அதிகம், சோறு சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை கடும் தேத்தண்ணி. தேயிலை உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுப்பதைக் குறைக்கும். மாதம் ஒருமுறை நாக்கின் ஓரத்தில் புண், படியேறினால் மூச்சு வாங்குகிறது, நாக்கு வழவழப்பாகிவிட்டது. இவளுக்கு எழுத வேண்டியது முழு இரத்தப் பரிசோதனையும் பெரிற்றினும். பெரிற்றின் என்பது உடம்பின் இரும்புக் கையிருப்பு. அது 15க்குக் கீழே போனால் கையிருப்பு காலி. செங்குருதிக் கலங்கள் சிறியதாக இருந்தால் மட்டும் இரும்புக் குறைவு என்று முடிவு கட்டக்கூடாது, தலசீமியா மரபைத் தாங்குபவர்களுக்கும் கலங்கள் சிறியதாகத்தான் இருக்கும், அவர்களுக்கு இரும்பு தேவைப்படாமலும் இருக்கலாம். கலங்கள் பெரிதாக இருந்தால் பி12, போலேற் பக்கம் பார்க்க வேண்டும். இந்த வேறுபாடுகள் எதுவும் அட்டைக்குத் தெரியாது. காய்ச்சல் நாளில் பெரிற்றின் பொய்யாக உயரும் என்பதும் தெரியாது.

இஸ்ரேலில் நடந்து 2009இல் வெளியான பி12 ஆய்வு ஒன்றை நீட்டுவோர் உண்டு. நாளுக்கு ஆயிரம் மைக்கிரோகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்தபோது, இரத்தத்தில் குறைவு இல்லாதவர்களுக்குக்கூடப் புண் குறைந்தது. அறுபது பேர்கூட இல்லாத ஆய்வு. சரி, ஏற்போம். ஆயிரம் மைக்கிரோகிராம் ஆறு மாதம் என்பதற்கும் நாலு நாள் பி கொம்ப்ளெக்ஸுக்கும் என்ன உறவு? மேலும் பி12 குறைவை அறியாமல் போலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் இரத்தம் தேறிவிடும், நரம்புக்கான கேடு சத்தமில்லாமல் தொடரும்.

இதுவரை பேசியது வந்து போகும் புண். சூட்டுக் கோட்பாடு உண்மையில் ஆளைக் கொல்வது போகாத புண்ணில். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. ஒரு கடலோடியையோ மூட்டை தூக்கும் ஒருவரையோ எண்ணிக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்திரண்டு, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை இருபது வருடம், எப்போதும் இடது கன்னத்தில் அடக்கி வைப்பார். அதே இடது கன்னத்தில் ஒரு புண். விளிம்பு தடித்து, தொட்டால் கட்டியாக இருக்கிறது. வலி பெரிதாக இல்லை, அதனால் அவரும் பெரிதாக நினைக்கவில்லை. சாதாரணப் புண் எரியும், ஆறும், அடுத்தமுறை வேறிடத்தில் வரும். இது ஒரே இடத்தில் குந்தியிருக்கிறது. சிறு வயதிலிருந்தே வாய்ப்புண் வந்த ஆள் என்றாலும் பரவாயில்லை, நாற்பது தாண்டி முதன்முதலில் வந்தது என்பதே சந்தேகத்துக்குரியது. அவருடைய வாய்க்குள் மூன்று விரலை மேலும் கீழுமாக நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியாமல், காரம் பட்டாலே எரிந்தால் பாக்கினால் வாயின் உட்சவ்வுக்கு அடியில் இழை இறுகும் நோய், அதுவும் புற்றுக்கு வழிவிடக்கூடியது. உடைந்த பல் உரசுவதுதான் காரணம் என்றால் பல்லைச் சீராக்கி இரண்டு கிழமை பார்க்கலாம், அதற்கு மேல் காத்திருப்பது தவறு. சிறு துண்டு வெட்டிச் சோதித்தால்தான் தெரியும். “கத்தி பட்டால் பரவும்” என்பது பரவிய பிறகு வந்தவர்கள் சொன்ன கதை.

மற்றவை சுருக்கமாக. வாய்ப்புண்ணோடு வயிற்றோட்டமும் எடை குறைவும் சேர்ந்தால் குடலைப் பார்க்க வேண்டும், பிறப்புறுப்பிலும் புண், கண் சிவப்பு என்றால் பெச்செற் நோயை நினைக்க வேண்டும். மூட்டு வாதத்துக்கு மெதோத்திரெக்சேற் எடுப்பவருக்கு வாய் முழுதும் புண் வந்தால் அன்றே வைத்தியசாலை. கிழமைக்கு ஒருமுறை போடும் குளிசையைத் தவறி நாளாந்தம் போட்டிருக்கலாம், அது எலும்பு மச்சையையே அடிக்கும். இவருக்கு இளநி கொடுத்துப் படுக்க வைப்பதை எந்தப் பெயரில் வைத்தியம் என்பது?

“ஒவ்வொரு வாய்ப்புண்ணுக்கும் ஸ்கானோ?” என்று கேட்பார்கள். இல்லை. பெரும்பாலான புண்ணுக்குப் பின்னால் குறைவும் இல்லை, நோயும் இல்லை, பொறுத்தால் ஆறும். கேட்பது ஒன்றுதான்: கலண்டரில் புண் கண்ட நாளைக் குறியுங்கள். வருடத்துக்குப் பலமுறை வந்தால் இரத்தத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் 21 நாள் தாண்டினால் பார்மசிப் பக்கம் திரும்பாமல், வைத்தியசாலையின் பல் கிளினிக்கில் வாயைத் திறந்து காட்டுங்கள்.