பத்து சதவீதம் என்னும் பதினெட்டு

இருசக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன், மூன்று ஆண்டு, வட்டி 10 சதவீதம் ‘ஃபிளாட்’. வட்டி மட்டும் 30,000 ரூபாய், மாதத் தவணை சுமார் 3,611.

மாதாமாதம் அசல் குறைகிறது. கடைசி ஆண்டின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே பாக்கி. ஆனாலும் வட்டி முழு லட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் அதே 10 சதவீதம் என்றால் மொத்த வட்டி ஏறத்தாழ 16,160தான். இந்த ஃபிளாட் கடனின் உண்மை வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம்!

2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கையில் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு சதவீதத்தைக் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்திடும் முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.