அம்பாரத்தில் எத்தனை மூட்டை?

கேள்வி: களத்தில் குவித்திருந்த நெல்லை வியாபாரி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "60 கிலோ மூட்டையில் 75 தேறும்" என்று சொல்லி, மொத்தமாக விலை பேசுகிறார். அம்பாரத்தின் அடிச்சுற்று 15 மீட்டர், உயரம் 1.6 மீட்டர். எடை போடாமலே அவர் சொல்வது சரியா என்று பார்க்க முடியுமா?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முடியும். அதற்கு ஓர் அளவு நாடா, ஒரு வாளி, ஒரு தராசு போதும். அம்பாரம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதும், அந்த நெல் லிட்டருக்கு எத்தனை கிலோ நிற்கிறது என்பதும் தெரிந்தால், இரண்டையும் பெருக்க எடை கிடைக்கும்.

முதலில் குவியலின் ஓரத்தைப் பலகையால் தள்ளி வட்டமாக்கிக்கொள்ள வேண்டும். நெல் தரையைத் தொடும் இடத்தை ஒட்டிக் கயிற்றைச் சுற்றி, அதன் நீளத்தை நாடாவில் அளக்க வேண்டும். உயரத்தைச் சரிவின் மீது நாடாவை வைத்து அளக்கக் கூடாது. அது உண்மையான உயரத்தைவிட நீளமாகவே வரும். உச்சியைத் தொட்டபடி நேரான மூங்கில் ஒன்றைக் குவியலுக்கு வெளியே வரை நீட்டி, ரசமட்டம் வைத்துப் படுக்கையாக்கி, தரையிலிருந்து மூங்கில் வரை அளப்பதே சரி.

அம்பாரம் கூம்பு வடிவம் என்பதால் கணக்கு எளிது. அடிச்சுற்றை அதே அடிச்சுற்றால் பெருக்கி, உயரத்தாலும் பெருக்கி, 37.7 ஆல் வகுக்க வேண்டும். 15 × 15 × 1.6 ÷ 37.7 = 9.55 கன மீட்டர், அதாவது 9,550 லிட்டர். சுவரோரம் கொட்டிய அரை வட்டக் குவியலாக இருந்தால், வளைந்த ஓரத்தின் நீளத்தை இரட்டித்து அடிச்சுற்றாகக் கொண்டு கணக்கிட்டு, வரும் விடையில் பாதியை எடுக்க வேண்டும்.

அடுத்தது வாளிக் கணக்கு. வாளியைக் காலியாகவும், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றியும் எடை போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 கிலோ என்றால், வாளி 20 லிட்டர் கொள்ளும். பிறகு வாளியை ஈரம் போகத் துடைத்து, நெல்லைத் தளர்வாகக் கொட்டித் தலைதட்டி எடை போட வேண்டும். வாளியைக் குலுக்கினாலோ, நெல்லை அமுக்கினாலோ எடை கூடிக் காட்டும். உச்சி, நடு, அடி என மூன்று இடங்களிலும், மேல்நெல்லை விலக்கி உள்ளிருந்தும் எடுத்துச் சராசரி பார்த்தால் பதர் கலந்த இடமும் கணக்கில் வந்துவிடும்.

நெல் மட்டும் 11.4 கிலோ நின்றால், லிட்டருக்கு 0.57 கிலோ. நெல் பெரும்பாலும் 0.55 முதல் 0.60 வரை நிற்கும். இரகம், ஈரம், பதர் மூன்றையும் பொறுத்து இது மாறுவதால், அந்தந்தக் குவியலுக்கு வாளியில் பார்த்துக்கொள்வதே நல்லது. 9,550 × 0.57 = சுமார் 5,440 கிலோ. 60 கிலோ மூட்டையில் 90 மூட்டைக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கு கிலோ பிசகாமல் வந்துவிடாது. உச்சி மழுங்கியிருக்கும், தரை பள்ளமாக இருக்கும். உயரத்தில் 10 செ.மீ. தவறினாலே 340 கிலோ மாறிவிடும். கவனமாக அளந்தாலும், இருபதில் ஒரு பங்கு கூடலாம், குறையலாம் என்று வைத்துக்கொண்டால் 86 முதல் 95 மூட்டை. வியாபாரி சொன்ன 75 அதற்குள் வரவில்லை.

அளந்ததில் பெரிய தவறு உண்டா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடிச்சுற்றை 3.14 ஆல் வகுத்தால் அடியின் அகலம் கிடைக்கும், இங்கே 4.8 மீட்டர். தானாகச் சரிந்து நிற்கும் நெல் அம்பாரத்தின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின் இருக்கும். அகலத்தில் பாதி அளவுக்கு உயரம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

கிடைப்பது இன்றைய ஈரத்தோடு சேர்ந்த எடை. 20 சதவீத ஈரத்தில் இருக்கும் இந்த 5,440 கிலோ, 17 சதவீதத்துக்குக் காயும்போது சுமார் 5,245 கிலோவாகிவிடும். மூன்று மூட்டைக்கு மேல் குறைவு. எனவே காயவைத்து விற்பதற்கும், ஈரத்தோடு கொடுப்பதற்கும் ஒரே மூட்டைக் கணக்கைப் பேசக் கூடாது.

வியாபாரி இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாவிட்டால், மொத்த விலைப் பேச்சை விட்டுவிட்டு, மூட்டைக்கு எத்தனை கிலோ என்று முன்கூட்டியே பேசித் தராசில் நிறுத்துக் கொடுப்பதே மேல்.