பூஜ்ஜியம் என்று எழுதப்படும் மீதி

ஒரு திட்டத்துக்கென்று நிதி பெற்ற அமைப்பு, அந்த நிதியை எதற்காகப் பெற்றதோ அதற்கே செலவிட்டது என்று எழுத்து மூலம் உறுதியளித்து நிதி வழங்கியவருக்கு அனுப்பும் ஆவணமே பயன்பாட்டுச் சான்றிதழ். அலுவலக வழக்கில் அது ‘யூ.சி.’ எனப்படுகிறது. அதனுடன் வரவு, வட்டி, செலவு, மீதி ஆகியவற்றைத் தலைப்புவாரியாகக் காட்டும் நிதி அறிக்கையும் செல்ல வேண்டும். இவ்விரண்டிலும் மீதி என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் எழுதுவதே திறமையின் அடையாளம் என்றொரு நம்பிக்கை தொண்டு நிறுவனங்களிடமும் அவற்றுக்கு நிதி அளிப்போரிடமும் வேரூன்றியிருக்கிறது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் கண்மாய்ப் பணிகளைப் பொறுத்தவரை அந்தப் பூஜ்ஜியம் பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்பதும், அதைக் கேட்டு வாங்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதும் இத்தலையங்கத்தின் நிலைப்பாடு.

காரணம் பருவத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள இவ்வட்டாரக் கண்மாய்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மார்ச் வரையிலும் கண்மாய்க்குள் நீர் நிற்கும் என்பதால், தூர்வார இயந்திரம் இறங்கக்கூடிய காலம் கோடையில்தான் தொடங்குகிறது. நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. எனவே, ஆண்டின் பிற்பாதியில் நிதி ஒதுக்கப்பட்டு, நவம்பரில் முதல் தவணை வந்து சேரும் ஒரு திட்டத்தில், பணம் இருக்கும்போது வேலை செய்ய முடியாது. வேலை செய்ய முடியும்போது கணக்கு முடிந்திருக்கும்.

இதை ஒரு மாதிரிக் கணக்கின் மூலம் பார்க்கலாம். மத்திய அரசுத் துறை ஒன்றிடமிருந்து கண்மாய்ச் சீரமைப்புக்கு 8 லட்சம் ரூபாய் ஒப்புதல் பெற்ற ஓர் அமைப்புக்கு, நவம்பரில் 6 லட்சம் வருகிறது எனவும், மீதமுள்ள 2 லட்சம் பயன்பாட்டுச் சான்றிதழைக் கண்ட பின்னரே விடுவிக்கப்படும் எனவும் கொள்வோம். வங்கி வட்டி 7,500 ரூபாயையும் சேர்த்தால் கையிருப்பு 6,07,500 ரூபாய். மார்ச் மாத இறுதிக்குள் அளவெடுப்பு, கரையில் சீமைக்கருவேலம் அகற்றுதல், மடைப் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 1,85,000 ரூபாய் உண்மையாகவே செலவாகிறது. மார்ச் 30 அன்று பொக்லைன் உரிமையாளருக்கு 3 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுக்கப்படுகிறது. கண்மாய்க்குள் இன்னும் நீர் நிற்பதால் மண் அள்ளப்படவில்லை. வங்கியில் இருப்பது 1,22,500 ரூபாய்.

இந்நிலையில் நேர்மையான சான்றிதழ் செலவை 1,85,000 ரூபாய் என்றும், மீதியை 4,22,500 ரூபாய் என்றும் காட்டும். கொடுத்த முன்பணம், அதற்குரிய வேலை நடந்து, அளவுப் பதிவேட்டில் ஏறி, பட்டியல் பெறப்படும்வரை செலவாகாது. அது வேறொருவர் கையில் இருக்கும் நல்கைப் பணமே. ஆனால், 6 லட்சமும் தீர்ந்தது என்று காட்டினால்தான் அடுத்த தவணை வரும் என்ற அச்சத்தில், 3 லட்சம் முன்பணம் இயந்திர வாடகையாகவும், இன்னொரு 1,15,000 ரூபாய் கூலிச் சீட்டுகளாகவும் உருமாறுகின்றன. 7,500 ரூபாய் வட்டி காணாமல்போகிறது. இங்கே யாரும் பணத்தைத் திருடியிருக்க வேண்டியதில்லை, கோடையில் கண்மாய் உண்மையாகவே தூர்வாரப்படவும் கூடும். இருந்தாலும் கையெழுத்திடப்பட்ட ஆவணம் பொய்யானது.

இதைக் கண்டறிவதும் அரிதன்று. செலவு முழுவதும் முடிந்ததாகச் சொல்லும் அமைப்பின் வங்கிக் கணக்கில் ஏப்ரல் முதல் நாள் 1,22,500 ரூபாய் இருப்பதே முதல் முரண். ஓட்டுநரின் மணிக்கணக்குச் சீட்டில் உள்ள தேதிகளைக் கண்மாயின் நீர்மட்டப் பதிவோடு ஒப்பிட்டால் இரண்டாவது முரண் வெளிப்படும். பட்டயக் கணக்காளர் வழங்கும் சான்றிதழ்களுக்கு 2019 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள தனித்த ஆவண அடையாள எண், சான்றிதழை அவர்தான் வழங்கினார் என்பதை மட்டுமே உறுதி செய்யும். மண் அள்ளப்பட்டதா என்பதை அது சொல்லாது.

வியப்புக்குரியது என்னவென்றால், விதி இந்தப் பொய்யைக் கேட்கவே இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் நல்கை பெறும் அமைப்புகளுக்கென வகுக்கப்பட்ட 12-அ படிவம், ஆண்டிறுதி நிலையைக் கையிருப்பு மற்றும் வங்கி இருப்பு என ஒரு வரியிலும், நேர்செய்யப்படாத முன்பணம் என மற்றொரு வரியிலும் தனித்தனியே கேட்கிறது. சான்றிதழ் அளிக்க, நிதியாண்டு முடிந்த பின் 12 மாத அவகாசமும் உண்டு. ஈட்டிய வட்டியை அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளாமல் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செலுத்திவிட வேண்டும் என்று மட்டுமே விதி கண்டிப்புக் காட்டுகிறது. கோளாறு படிவத்தில் இல்லை. மீதியைக் கண்டவுடன் ‘செயல்திறன் குறைவு’ என்று கோப்பில் எழுதும் மேசையில் இருக்கிறது.

பஞ்சாலைகள் நிறைந்த இராஜபாளையம் போன்ற ஊரில், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் இதே சிக்கல் உண்டு. தொண்டு நிறுவனத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவது மட்டுமே செலவாகாது, அந்நிறுவனம் அதை முழுவதும் பயன்படுத்தினால்தான் செலவாகும் என்று நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி தொடர் திட்டம் என்று வகைப்படுத்தப்பட்ட பணியின் செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுகளுக்குள் பயன்படுத்த வழியிருக்கிறது. தூர்வாரும் பணியைத் தொடக்கத்திலேயே தொடர் திட்டமாக வகைப்படுத்தாமல், மார்ச் கடைசி வாரத்தில் தொலைபேசியில் சான்றிதழ் கேட்பது நிதி வழங்குநரின் தவறே ஆகும்.

சான்றிதழே வராமல் போவது இதைவிடப் பெரிய கேடு என்பதை மறுக்க முடியாது. பீகாரில் 2024 மார்ச் 31 நிலவரப்படி 70,877 கோடி ரூபாய்க்கான 49,649 பயன்பாட்டுச் சான்றிதழ்கள் நிலுவையில் இருந்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கூறியது. ஆனால், நிலுவையைக் குறைக்கும் வேகத்தில் வந்து குவியும் பூஜ்ஜியங்கள், நிலுவையைப் போலவே தணிக்கையாளரை இருளில் நிறுத்துகின்றன. நிலுவையாவது தன்னை நிலுவை என்று ஒப்புக்கொள்கிறது.

விருதுநகர் மாவட்டக் கண்மாய்ப் பணிகளுக்கு நிதி வழங்கும் அரசுத் துறைகளும் நிறுவனங்களும் முதல் தவணையை ஏப்ரலிலேயே விடுவிக்க வேண்டும். அது இயலாதபோது, கூடுதல் நிதியின்றி செப்டம்பர் 30 வரை கால நீட்டிப்பு உண்டு என்பதை ஒப்புதல் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும். நிதி பெறும் அமைப்புகள் அந்த நீட்டிப்பைத் திட்டக் காலம் முடிவதற்கு முன்பே, முன்பண விவரத்தையும் வேலை தொடங்கும் தேதியையும் குறிப்பிட்டு எழுத்தில் கேட்க வேண்டும். மறுக்கப்பட்டால், மேலே கண்ட மாதிரிக் கணக்கின் அமைப்பு முன்பணத்தைத் திரும்பப் பெற்று, வட்டியோடு சேர்த்து 4,22,500 ரூபாயையும் திருப்பிச் செலுத்த வேண்டும்.