முதலில் சிலருக்கு, பிறகு அனைவருக்கும்

கடந்த 2025 ஜூன் 12 அன்று இந்திய நேரப்படி இரவு 11.15 மணி அளவில், கூகுள் கிளவுட் நிறுவனத்தின் கணினிச் சேவைகள் உலகின் பல மண்டலங்களில் ஒரே நேரத்தில் செயலிழந்தன. ஜிமெயில் தடுமாறியது, ஸ்பாட்டிஃபை, டிஸ்கார்ட் போன்று அந்நிறுவனத்தின் கணினிகளை நம்பி இயங்கும் சேவைகளும் முடங்கின. இணையத் தாக்குதலோ, மின்தடையோ, கடலடிக் கேபிள் அறுந்ததோ இதற்குக் காரணமல்ல. ஒரு தரவுப் பதிவில் சில கட்டங்கள் நிரப்பப்படாமல் வெற்றாக இருந்தன. அவ்வளவே.

பின்னர் கூகுள் வெளியிட்ட விளக்க அறிக்கையை மென்பொருள் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஆர்வத்துடன் படித்தேன். அதில் ஒரு வரி குறிப்பிடத்தக்கது. பிழையான அந்த நிரல் பகுதிக்கு, 'ஃபீச்சர் ஃபிளாக்' என்று துறையினர் அழைக்கும் பாதுகாப்பு அளிக்கப்பட்டிருக்கவில்லை என்பதே அது. இந்த ஏற்பாடு என்ன என்பதைத் தெரிந்துகொள்வது மென்பொருள் துறையினருக்கு மட்டுமன்றி, வங்கிச் செயலியிலும் அரசுத் தளங்களிலும் அன்றாடம் நுழையும் நமக்கும் தேவையாகிவிட்டது.

ஒரு செயலியில் புதிய வசதி சேர்க்கப்படும்போது பழைய நிரலை அழித்துவிடாமல், இரண்டையும் அருகருகே வைத்து, இடையில் ஒரு விசையைப் பொருத்துவர். விசை அணைந்திருந்தால் பழைய வழி. எரிந்தால் புதிய வழி. வீட்டு மின்விசையிலிருந்து இது வேறுபடுவது ஓர் அம்சத்தில்தான்: இதனை நூற்றில் ஒருவருக்கு மட்டும் எரியவிட முடியும். ஒவ்வொரு பயனாளரின் கணக்கு எண்ணையும் ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி, 0 முதல் 99 வரை ஓர் எண்ணைப் பெறுவர். விசை '1' என்று வைக்கப்பட்டால், 0 என்ற எண் பெற்றவர்களுக்கு மட்டும் புதிய வசதி தெரியும். '10' என்றால் 0 முதல் 9 வரை உள்ளவர்களுக்கு. ஒருவருக்கு எத்தனை முறை கணக்கிட்டாலும் அதே எண்தான் வரும் என்பதால், காலையில் புதிய திரையும் மாலையில் பழைய திரையும் தோன்றிக் குழப்பாது. அந்தக் கணக்கீட்டில் வசதியின் பெயரையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். இல்லையெனில் ஒவ்வொரு சோதனைக்கும் அதே ஒரு விழுக்காட்டினரே பலியாவார்கள்.

பழுது தென்பட்டால் விசையை அணைத்தால் போதும். நிரலைத் திருத்தி, மீண்டும் சோதித்து, மீண்டும் அனுப்பக் காத்திருக்க வேண்டியதில்லை. மணிக்கணக்கில் ஆக வேண்டிய மீட்பு நொடிகளில் முடிந்துவிடும்.

இனி, கூகுளில் நடந்ததைப் பார்ப்போம். யார் எவ்வளவு சேவையைப் பயன்படுத்தலாம் என்று சரிபார்க்கும் 'சர்வீஸ் கன்ட்ரோல்' என்னும் அமைப்பில், மே 29 அன்று ஒரு புதிய சோதனை முறை சேர்க்கப்பட்டது. அந்த நிரலைக் கூகுள் அவசரப்பட்டு எங்கும் ஏற்றிவிடவில்லை. மண்டலம் மண்டலமாக, முறைப்படிதான் ஏற்றியது. எங்கும் பழுது தெரியவில்லை. ஆனால், அந்தப் புதிய நிரல் இயங்குவதற்கு ஒரு குறிப்பிட்ட வகைக் கொள்கைப் பதிவு தேவை. அப்படியொரு பதிவு அப்போது எங்குமே இல்லை. எனவே நிரல் எல்லா மண்டலங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஓரிடத்திலும் ஒருமுறைகூட இயங்கவில்லை. கடைப்பிடிக்கப்பட்ட எச்சரிக்கை எதையும் சோதிக்கவில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து, ஜூன் 12 அன்று, வெற்றுக் கட்டங்களைக் கொண்ட ஒரு கொள்கைப் பதிவு சேர்க்கப்பட்டது. இத்தகைய தரவு உலகம் முழுவதும் உடனுக்குடன் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால், சில நொடிகளில் அது எல்லா மண்டலங்களுக்கும் பரவியது. உறங்கிக் கிடந்த நிரல் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் விழித்து, வெற்றுக் கட்டத்தைப் படிக்க முயன்று நிலைகுலைந்தது; தானே மீண்டும் தொடங்கி, அதே பதிவைப் படித்து, மீண்டும் வீழ்ந்தது.

பொறியாளர்களைக் குறை கூற இயலாது. இரண்டு நிமிடங்களில் கவனித்துவிட்டார்கள். பத்து நிமிடங்களில் காரணத்தைக் கண்டறிந்துவிட்டார்கள். அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தும் ஓர் அவசரப் பொத்தானும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தது. அதை எல்லா மண்டலங்களிலும் செயல்படுத்தி முடிக்க ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆயின. அமெரிக்காவின் மத்திய மண்டலத்தில் மட்டும், வீழ்ந்த கணினிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் எழுந்து தரவுத்தளத்தை மொய்த்துக்கொண்டதால், முழுச் சீர்மைக்கு 2 மணி 40 நிமிடம் வரை பிடித்தது.

அவசரப் பொத்தானும் விசையும் ஒன்றல்ல. பொத்தான், தீப்பிடித்த பிறகு அணைப்பதற்கு. அணைந்த நிலையில் தொடங்கும் விசையோ, புதிய வழியை முதலில் கூகுளின் உள்பயன்பாட்டுத் திட்டங்களில் மட்டும் இயக்கிப் பார்த்திருக்கும்; வெற்றுக் கட்டம் அங்கேயே அகப்பட்டிருக்கும். அறிக்கையும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறது. முக்கியமான நிரல் மாற்றங்கள் அனைத்தும் இனி விசையுடன், அணைந்த நிலையிலேயே அனுப்பப்படும் என்று அந்நிறுவனம் உறுதி கூறியிருக்கிறது.

ஓராண்டுக்கு முன்பும் இதே பாடம் வேறு உருவில் வந்தது. 2024 ஜூலை 19 அன்று நம் விமான நிலையங்களில் பயண அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய கோப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அந்நிறுவனம் தன் மென்பொருளின் புதிய பதிப்புகளைப் படிப்படியாகத்தான் வெளியிட்டு வந்தது. ஒரு பதிப்பு பின்தங்கி இருக்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு அந்த உரிமையும் இருந்தது. ஆனால், புதுப்புது அச்சுறுத்தல்களை அடையாளம் காட்டும் விவரக் கோப்புகளுக்கு இந்த ஒழுங்கு பொருந்தவில்லை. அவை அனைவருக்கும் உடனே சென்றன. நிரல் எதிர்பார்த்தது 21 உள்ளீடுகள், கிடைத்ததோ 20. கோப்பைத் திரும்பப் பெற 78 நிமிடங்களே ஆயின. ஆயினும், முடங்கிய கணினி எழுந்து இணையத்துடன் இணைந்தால்தானே திருத்தத்தைப் பெற முடியும்? பல கணினிகளின் முன்பு ஒருவர் நேரில் சென்று அமர வேண்டியதாயிற்று.

நிரலை மாற்றினால் ஆபத்து, தரவையும் அமைப்பையும் மாற்றினால் ஆபத்தில்லை என்ற எண்ணம் இந்தத் துறையில் வெகுகாலமாக ஊறிப்போயிருக்கிறது. இரண்டு நிகழ்வுகளிலும் நிரல் வரிசையில் நின்று மெல்லச் சென்றது. தரவு வரிசையைத் தாண்டி ஓடியது. விசையை எரியவிடுவதும் ஓர் அமைப்பு மாற்றமே. அதையே ஒரே நொடியில் உலகெங்கும் எரியவிடும் வசதியை வைத்துக்கொண்டு, 'எங்களிடம் விசை இருக்கிறது' என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதனால் பயனில்லை.

சிலரிடம் முதலில் சோதிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் பணப் பரிமாற்றத்தைக் குலைக்கும் பழுது ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் பேரிடம் சோதித்தால், அது ஒருமுறைகூடத் தென்படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு. குறைந்தது ஒருமுறையேனும் அது கண்ணில் படும் என்று 95 விழுக்காடு நம்ப வேண்டுமானால், முப்பதாயிரம் பேர் தேவை. ஐந்து கோடிப் பேர் பயன்படுத்தும் சேவையில் அந்தப் பழுது ஐயாயிரம் குடும்பங்களைப் பாதிக்கும். ஆகவே, 'ஒரு விழுக்காட்டினரிடம் சோதித்தோம், குறையில்லை' என்ற கூற்றைக் கேட்டவுடன், அந்த ஒரு விழுக்காடு எத்தனை பேர் என்றும், எத்தனை நாள்கள் என்றும் வினவ வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் ஏறும் நாளில் மட்டும் வெளிப்படும் பழுது, பத்தாம் தேதி தொடங்கிப் பதினைந்தாம் தேதி முடியும் சோதனையில் அகப்படாது.

யாரிடம் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். முதலில் தம் ஊழியர்களிடம் சோதிப்பது நிறுவனங்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஊழியரின் கையில் இருப்பது புதிய கைப்பேசி. அலுவலகத்தில் வேகமான இணைப்பு. நான்கு ஆண்டுப் பழைய கைப்பேசியும் விட்டுவிட்டு வரும் சமிக்ஞையும் கொண்டவரிடம் என்ன நடக்கும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. அடுத்த கட்டத்தில் அத்தகையோர் இடம்பெற வேண்டும். அவர்களின் பிழை விகிதத்தை, அதே வேளையில் பழைய வழியில் செல்வோரின் விகிதத்துடன் ஒப்பிட வேண்டும். நேற்றைய கணக்குடன் ஒப்பிடுவதில் பொருளில்லை. திங்கள்கிழமை நெரிசலும் ஞாயிற்றுக்கிழமை அமைதியும் ஒன்றல்லவே!

நம் நாட்டு அனுபவம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். 2021 ஜூன் 7 அன்று புதிய வருமான வரித் தளம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு ஆறு நாள்கள் பழைய தளம் மூடப்பட்டு, பின்னர் புதியது அனைவருக்கும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. உள்நுழைவதிலிருந்து படிவம் தாக்கல் செய்வது வரை புகார்கள் குவிந்தன. ஆகஸ்டில் தளம் இரண்டு நாள்கள் முடங்கியதைத் தொடர்ந்து, அதனை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது. தாக்கலுக்கான காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது.

இதனைப் படிப்படியாகச் செய்திருக்க முடியுமா? எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரு தளங்களும் இணையாக இயங்கினால், ஒருவரின் கணக்கு இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். புதிய தளத்தில் தாக்கல் செய்தவரைப் பழைய தளத்துக்குத் திருப்பினால், அவருடைய படிவமும் உடன் திரும்ப வேண்டும். விசையை அணைப்பதால் திரை பழைய நிலைக்கு வருமே தவிர, தரவுத்தளத்தில் எழுதப்பட்டதும் வங்கிக்குச் சென்ற பணமும் திரும்பி வரா. இந்த ஏற்பாட்டின் உண்மையான எல்லை இதுதான். ஆனால், உள்நுழைதல், பழைய ஆண்டுப் படிவங்களைப் பார்த்தல், சான்றிதழ் பதிவிறக்குதல் போன்ற, எதையும் மாற்றாத பணிகளை முதலில் சிலருக்குத் திறந்துவிடலாம். மக்கள் முதன்முதலில் தடுக்கி விழுந்த இடங்களுள் உள்நுழைவும் ஒன்று.

அரசுப் பணிகளில் இதற்கு ஓர் எதிர்ப்பு எழுவதுண்டு. சிலருக்கு ஒன்று, பிறருக்கு வேறொன்று என்பது பாகுபாடு ஆகாதா என்பது அது. சலுகையைப் பகிர்வதில் அந்தக் கேள்வி நியாயமானது. அதே சலுகையை எந்தத் திரை வழியாகப் பெறுவது என்பதில், பழைய வழி திறந்திருக்கும் வரை, எவருக்கும் இழப்பில்லை. தொடக்க விழாவுக்கு ஒரு தேதி குறிக்கப்பட்டுவிடுவதே மெய்யான தடை என்பது என் கணிப்பு. ஒரு விழுக்காட்டினருக்கான தொடக்க விழாவை எவரும் நடத்துவதில்லை.

எனவே, பொதுமக்கள் பணத்தில் உருவாகும் தளங்களுக்கான ஒப்பந்தங்களில் சில கேள்விகளுக்கு எழுத்துபூர்வமான விடை கேட்கப்பட வேண்டும். முதல் கட்டத்தில் எத்தனை பேர், எந்தெந்த மாவட்டத்தினர், எத்தனை நாள்கள்? பழைய தளம் எந்த நாள் வரை உயிருடன் இருக்கும்? பிழை விகிதம் எந்த அளவைத் தொட்டால் நிறுத்தப்படும்? நள்ளிரவில் பழுது தெரிந்தால், மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் விசையை அணைக்கும் அதிகாரம் பணியில் இருக்கும் எந்தப் பொறியாளருக்கு உண்டு?