தீவிரம் என்ற ஒரு சொல்லில் மூன்று கேள்விகள்

2023 ஆகஸ்ட் 17 அன்று இந்தியாவில் பலருடைய கைப்பேசிகள் வழக்கத்திற்கு மாறான ஓர் ஒலியுடன் அதிர்ந்தன. திரையை மறைத்துக்கொண்டு "Emergency alert: Severe" என்ற தலைப்பு தோன்றியது. அதன் கீழே, இது தொலைத்தொடர்புத் துறை அனுப்பிய மாதிரிச் சோதனைச் செய்தி என்றும், இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும், பெறுநர் எதுவும் செய்யத் தேவையில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்காக உருவாகிவந்த அவசரகால எச்சரிக்கை அமைப்பைச் சோதிக்க அனுப்பப்பட்ட செய்தி அது. தலைப்பு ஆபத்து கடுமையானது என்றது. உடற்பகுதி ஆபத்தே இல்லை என்றது.

அமைப்பு வேலை செய்கிறதா என்பதைத்தான் பொறியாளர்கள் அன்று அறிய விரும்பினார்கள். அது வேலை செய்தது. ஆனால் அதே நொடியில் மொழி சார்ந்த வேறொரு நிகழ்வும் நடந்தது. "Severe" என்ற தலைப்பை வாழ்நாளில் முதன்முறையாகத் தம் கைப்பேசியில் கண்டவர்களில் பலர், அதன் பொருளை 'ஒன்றும் செய்ய வேண்டியதில்லை' என்று கற்றுக்கொண்டார்கள். தரவரிசைச் சொற்களுக்குத் தனித்த பொருள் கிடையாது. வரிசையில் மேலும் கீழும் எந்தச் சொற்கள் நிற்கின்றன, அச்சொல்லைக் கேட்ட பின்னர் என்ன நடந்தது என்ற இரண்டிலிருந்தே அவை பொருள் பெறுகின்றன. ஆகவே எச்சரிக்கையின் படிநிலைகளைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது. அவை ஒரு சிறிய மொழி. அந்த மொழி இப்போது எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

உலக அளவில் பேரிடர் எச்சரிக்கைகளை எழுதுவதற்குப் 'பொது எச்சரிக்கை நெறிமுறை' என்றொரு தரநிலை உண்டு. சுருக்கமாக CAP எனப்படும் அதன் முதல் வடிவம் 2004இலும், இன்று புழங்கும் 1.2 வடிவம் 2010இலும் வெளியாயின. இந்தியாவின் 'சசேத்' அமைப்பும் இந்த நெறிமுறையைத்தான் பின்பற்றுகிறது. இதை வடித்தவர்கள் ஒரு முக்கியமான முடிவை எடுத்தார்கள்: 'எவ்வளவு ஆபத்து' என்ற ஒற்றைக் கேள்வியைக் கைவிட்டு, மூன்று கேள்விகளாகப் பிரித்தார்கள். எவ்வளவு விரைவில் செயல்பட வேண்டும் என்பது அவசரம். உயிருக்கும் உடைமைக்கும் எவ்வளவு கேடு என்பது கடுமை. நடக்கும் என்பதில் எவ்வளவு நம்பிக்கை என்பது உறுதி. எச்சரிக்கையை எழுதும் அலுவலர் மூன்றையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்.

ஒரு கற்பனைச் சூழலைக் கொள்வோம். மலைப்பகுதியில் பெருமழை பெய்து ஓர் அணை நிரம்பிவிட்டது. மதகுகள் திறக்கப்படவிருக்கின்றன. ஆற்றோரத்துத் தாழ்வான குடியிருப்புகளை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் சூழக்கூடும். நீர் வந்துவிட்டால் உயிரிழப்பு நேரலாம். ஆனால் இன்னும் வரவில்லை. வரும் வாய்ப்பு வராமல் போகும் வாய்ப்பைவிட அதிகம். அலுவலர் நெறிமுறையின் வரையறைகளை ஒழுங்காகப் பின்பற்றினால் இவ்வாறு எழுதுவார்:

```xml
<urgency>Expected</urgency>
<severity>Extreme</severity>
<certainty>Likely</certainty>
```

கடுமையில் உச்சம், அவசரத்தில் இரண்டாம் படி, ஏனெனில் `Expected` என்பதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் செயல்பட வேண்டியது என்று பொருள், உறுதியில் 'பெரும்பாலும் நடக்கும்' என்ற நிலை. இதுவரை எதுவும் இழக்கப்படவில்லை.

இழப்பு அடுத்த படியில் நேர்கிறது. கோபுரத்திலிருந்து கைப்பேசிக்குச் செய்தி 'செல் பிராட்காஸ்ட்' முறையில் செல்கிறது. குறுஞ்செய்தியைப் போல எண் எண்ணாக அனுப்பப்படாமல், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகிறது. ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணைத் தாங்கி வருகிறது. 4371, 4372 ஆகிய எண்கள், கடுமை உச்சமாகவும் அவசரம் உடனடியாகவும் இருக்கும் செய்திகளுக்கு உரியவை. 4373 முதல் 4378 வரையிலானவை மற்ற சேர்க்கைகளுக்கு உரியவை. நமது அணை வெள்ளம் 4374. ஆண்ட்ராய்டின் பொது அமைப்பில் முதல் இரண்டு எண்கள் மட்டுமே 'Extreme' என்ற பிரிவில் வருகின்றன. எஞ்சிய ஆறும் 'Severe' என்ற ஒரே பிரிவில் அடைக்கப்படுகின்றன.

அதாவது, அலுவலர் 'கடுமை உச்சம்' என்று எழுதிய செய்தி, வாசகரின் திரையில் 'Severe' ஆகிறது. அந்நேரத்தில் வேறொரு மாவட்டத்தில் பலத்த காற்று வீசிக்கொண்டிருந்து, அதற்கு 'கடுமை இரண்டாம் படி, உடனடி, கண்ணால் கண்டது' என்று எழுதப்பட்டிருந்தால் அதுவும் திரையில் 'Severe' தான். ஊரையே காலிசெய்ய வேண்டிய செய்திக்கும் சாளரங்களை மூடிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டிய செய்திக்கும் ஒலியும் தலைப்பும் ஒன்றாகிவிடுகின்றன. நெறிமுறையில் 'Severe' கடுமையை மட்டும் குறிக்கும் சொல். கைப்பேசியில் அதே சொல் கடுமையையும் அவசரத்தையும் கலந்து குறிக்கிறது. ஒரே சொல் இரு இடங்களில் இரு பொருள் தருவதை மொழியியல் மாணவர்கள் வியப்பின்றி ஏற்பார்கள். ஆற்றோரத்தில் இருப்பவரிடம் அதே பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

இதன் விளைவு அமைப்புகள் பக்கத்தில் முழுமையாகத் தெரிகிறது. அங்கே பெரும்பாலும் இரண்டு பொத்தான்கள் உள்ளன: உச்ச அச்சுறுத்தல்களுக்கு ஒன்று, கடுமையானவற்றுக்கு மற்றொன்று. சோதனை ஒலியால் எரிச்சலடைந்த ஒருவர் 'Severe' பொத்தானை அணைத்துவிட்டு 'Extreme' பொத்தானை அப்படியே விட்டுவிடுகிறார் என்று கொள்வோம். அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை: சாதாரணமானவை வேண்டாம், மிகப் பெரியவை மட்டும் வரட்டும். ஆனால் அவர் அறியாமல் அணைத்தவற்றுள் 4374உம் உண்டு. 'கடுமை உச்சம்' என்று குறிக்கப்பட்ட அணை வெள்ளச் செய்தி அவருக்கு வராது. வெளியேற அவருக்கு ஒரு மணி நேரம் இருந்தது என்பதே அச்செய்தி வராமல் போனதற்குக் காரணமாகிறது.

சோதனைகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு வாதம் நியாயமானது. சோதனைக்கென்றே 4380 என்ற தனி எண் தரநிலையில் உண்டு. ஆனால் அதைப் பெரும்பாலான கைப்பேசிகள் இயல்பாகவே அணைத்து வைத்திருக்கின்றன. அதில் அனுப்பினால் சோதனை யாரையும் எட்டாது. எனவே உண்மையான பிரிவில் அனுப்பித்தான் ஆக வேண்டும். பிரிட்டன் 2023 ஏப்ரல் 23 அன்று நாடு தழுவிய தன் முதல் சோதனையை நடத்தியபோது அதன் தலைப்பும் 'Severe Alert' என்றே இருந்தது. வேறுபாடு எங்கே என்றால், நாளும் நேரமும், அன்று பிற்பகல் 3 மணி என்பது, வாரங்களுக்கு முன்பே நாடெங்கும் சொல்லப்பட்டிருந்தது. முன்கூட்டி அறிவிக்கப்பட்ட சோதனை, சொல்லின் பொருளைக் கரைப்பதில்லை. 'இது ஒத்திகை' என்ற சூழலை முதலில் அமைத்துவிட்டு அதனுள் அச்சொல்லைப் பயன்படுத்துகிறது. ஆகஸ்ட் 17இன் செய்தி அச்சூழலைச் செய்தியின் உடற்பகுதியிலேயே அமைக்க முயன்றது. அதற்குள் ஒலி தன் வேலையை முடித்துவிட்டிருந்தது.

தலைப்பைத் தாண்டி உள்ளே சென்றாலும் தரவரிசைச் சொற்களின் சிக்கல் தொடர்கிறது. மழை எச்சரிக்கைகளில் வரும் 'கனமழை', 'மிக கனமழை', 'அதி கனமழை' என்பவை துல்லியமான அளவுகள்: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ., 115.6 முதல் 204.4 மி.மீ., அதற்கு மேல். ஆனால் வழக்குத் தமிழில் 'மிக' என்பதற்கும் 'அதி' என்பதற்கும் இடையே ஏற்றத்தாழ்வு இல்லை. எது மேல்படி என்பதை அட்டவணையைப் படித்தவர் மட்டுமே அறிவார். நிறங்கள் மொழியைக் கடந்தவை என்று கருதி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவை சேர்க்கப்பட்டன. அவற்றின் பொருளும் ஒருமித்து நிற்கவில்லை என்பதை வயநாடு காட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் நிலச்சரிவு நிகழ்ந்த பிறகு, முன்தினம் வரை ஆரஞ்சு மட்டுமே தரப்பட்டது என்றும் சிவப்பு காலையில்தான் வந்தது என்றும் மாநில அரசு சொன்னது. ஆரஞ்சு என்றாலே நடவடிக்கைக்கு ஆயத்தமாக வேண்டும், சிவப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் சொன்னார். யார் சொன்னது சரி என்பது வேறு விவாதம். அனுப்பியவர் 'ஆயத்தமாகு' என்ற பொருளில் வைத்த சொல், பெற்றவரிடம் 'இன்னும் உச்சம் வரவில்லை' என்ற பொருளில் சென்று சேர முடியும் என்பது மட்டும் அதில் தெளிவு. கீழ்ப்படி ஒவ்வொன்றும், மேலே இன்னொரு படி இருப்பதாலேயே, காத்திருக்கச் சொல்லும் குறிப்பாகவும் வாசிக்கப்படுகிறது.

இதிலிருந்து பெறக்கூடிய முடிவு, படிநிலைகளை ஒழிக்க வேண்டும் என்பதன்று. படிநிலை இல்லாவிட்டால் நாளைய தூறலும் இன்றைய வெள்ளமும் ஒரே ஒலியில் வரும். படிநிலை ஒலியைத் தீர்மானிக்கட்டும். பொருளைத் தாங்கும் பொறுப்பை அதனிடம் விடக் கூடாது. திரையில் கண் படும் முதல் வரி, பெயரடையாக இல்லாமல் வினைமுற்றாகவும் நேரமாகவும் இருக்க வேண்டும். நமது அணை வெள்ளத்துக்கு அவ்வரி இவ்வாறு அமையலாம்: "ஆற்றோரத்தில் இருப்போர் மாலை 5 மணிக்குள் மேட்டுப் பகுதிக்குச் செல்க. அணை திறக்கப்படுகிறது." எந்தப் பிரிவில் வந்தாலும், தலைப்பில் எந்த ஆங்கிலச் சொல் நின்றாலும், இவ்வரியின் பொருள் மாறாது. CAP நெறிமுறையில் அறிவுரைக்கென்றே `<instruction>` என்ற தனி இடமும், ஒரே எச்சரிக்கையைப் பல மொழிகளில் எழுதும் வசதியும் உள்ளன. இல்லாதது, அந்த இடத்தை முதலில் நிரப்பிவிட்டு மற்றவற்றைப் பிறகு நிரப்பும் பழக்கம்.

பொத்தான்களின் பெயரையும் மாற்றலாம். 'Severe' என்பதற்குப் பதிலாக, அதனுள் என்னென்ன அடங்கும் என்பதைப் பயனரின் மொழியில் ஒரு வரியாக எழுதினால் போதும்: "ஒரு மணி நேரத்திற்குள் உயிராபத்து நேரக்கூடிய எச்சரிக்கைகளும் இதில் அடங்கும்." அதைப் படித்த பின்னும் ஒருவர் அணைத்தால், அது அவர் அறிந்து எடுத்த முடிவு.