ஆறு மணித்தியாலம்

கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவன் ஒருவன் முதலில் சந்திக்கும் இடர், பரீட்சையன்று. பரீட்சைக்குப் பின் வரும் வெறுமையான மாதங்களே. உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்தவன் பெறுபேற்றுக்குக் காத்திருக்க வேண்டும். பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். இடையில் ஓர் உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்போம் என்றாலோ, விளம்பரங்கள் யாவும் அனுபவம் கேட்கின்றன. அனுபவம் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு அனுபவம் இல்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியேற, ஊதியமின்றித் தொண்டு நிறுவனம் ஒன்றிற் பணியாற்ற முன்வரும் இளைஞர் இன்று பலர் உளர். அவர்கள் தம்மை அறிமுகஞ் செய்து எழுதும் சிறு கடிதத்தைப் பற்றியே இங்கு நாம் சில கூற விரும்புகின்றோம்.

நாம் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்து வருகின்றோம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் ஒன்றை நடத்துவது அதன் பணி. வாடகை வீடொன்றே அலுவலகம். சம்பளம் பெறுவோர் இருவர். செயலாளரும் பொருளாளரும் தத்தம் உத்தியோகம் முடிந்து மாலையில் வந்து போகின்றவர்கள். இத்தகைய இடத்துக்குத்தான் மின்னஞ்சலாகவும் கைத்தொலைபேசிச் செய்தியாகவும் இளைஞரின் கடிதங்கள் வருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மறுமொழி பெறாமலே போய்விடுகின்றன என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அதற்குக் காரணம் எழுதியவரின் தகுதிக் குறைவன்று. கடிதத்தின் குறைவே என்பது நமது துணிபு.

ஓர் உதாரணம் கூறுவோம். வர்த்தகப் பிரிவிற் கற்ற மாணவர் ஒருவர் எழுதியது பின்வருமாறு அமைந்திருந்தது: “ஐயா, நான் உயர்தரப் பரீட்சை எழுதியுள்ளேன். சமூக சேவையில் மிகுந்த ஆர்வமுள்ளவன். கடின உழைப்பாளி. தங்கள் நிறுவனத்தில் எந்த வேலையும் எந்த நேரமும் செய்யத் தயாராக உள்ளேன். சந்தர்ப்பம் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.”

இதிற் பிழை யாது? பணிவு உண்டு, ஆர்வம் உண்டு. ஆயினும், இதனை வாசித்த செயலாளர் என்ன செய்வது என்றறியாது மேசையில் வைத்துவிட்டார். இவருக்கு எதைக் கொடுக்கலாம், எந்நாளில் வரச்சொல்லலாம், எத்துணைக் காலம் நிற்பார், இவரை அறிந்தவர் யார் என்று நான்கு கேள்விகளை அவர் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. பகல் முழுவதும் வேறோர் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வருபவருக்கு அந்த நான்கு கேள்விகளை எழுதுவதும் ஒரு வேலைதான். “எந்த வேலையும்” என்று எழுதுபவர் தாம் இலகுவாக்கிவிட்டதாக எண்ணுகின்றார். உண்மையில், தமக்குரிய வேலையைத் தேடும் பொறுப்பை மற்றவர் தலையில் ஏற்றிவிடுகின்றார்.

நாம் அம்மாணவரை அழைத்துப் பேசினோம். “தம்பி, உமக்கு என்ன தெரியும்?” என்றதற்கு, “பெரிதாக ஒன்றும் தெரியாது, ஐயா” என்றார். சற்று விசாரித்தபோது, தம்மூர்ச் சனசமூக நிலையத்தின் காசேட்டை ஓராண்டுக் காலம் எழுதியவர் அவர் என்பது வெளிவந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான அறிக்கையைத் தமிழில் தட்டச்சுச் செய்தவரும் அவரே. பாமினி எழுத்துருவிலும் ஒருங்குறியிலும் தட்டச்சுச் செய்வார். ஒன்றில் உள்ளதை மற்றதற்கு மாற்றிப் பிழை பார்க்கவும் அறிவார். நமது படிப்பகத்தின் பழைய அறிக்கைகள் பாமினியில் இருந்தமையால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே தோன்றின. அவற்றை ஒழுங்குபடுத்த ஆளின்றி நாம் பல மாதம் தவித்துக்கொண்டிருந்தோம். இத்தனையும் தெரிந்தவர், கடிதத்தில் “கடின உழைப்பாளி” என்று மட்டும் எழுதியிருந்தார்!

ஆகவே, திறமை என்பதைப் பண்புப் பெயராக எழுதாது, செய்த செயலாக எழுதுதல் வேண்டும். “கணக்கியலில் திறமையுள்ளவன்” என்பதை வாசிப்பவர் நம்பலாம், நம்பாதும் விடலாம். “சனசமூக நிலையத்தின் காசேட்டை ஓராண்டு எழுதினேன்” என்பதோ விசாரித்தறியத்தக்க செய்தி. தெரியாததையும் ஒரு சொல்லிற் கூறிவிடுதல் நன்று. இம்மாணவர் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை வகுப்பிற் செய்தவரேயன்றி, மெய்யான கணக்கிற் செய்தவரல்லர். அதைக் கற்பதற்கே அவர் வரவிரும்பினார். அனுபவம் பெறவே வருகின்றேன் என்று வெளிப்படையாகச் சொல்வதில் இழுக்கில்லை. சொல்லாவிடின், அவருக்கு உறை ஒட்டும் வேலையே கிடைக்கும்.

இனி, நேரம். இதுவே இரண்டினும் முக்கியமானது என்பது நமது கருத்து. வாரத்தில் எத்தனை மணித்தியாலம் வருவீர் என்றபோது, அம்மாணவர் தயக்கமின்றி “முப்பது” என்றார். நாம் ஒரு தாளில் அவருடைய வாரத்தை எழுதிப் பார்த்தோம். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் ஆங்கில வகுப்பு. வெள்ளி மாலை கோயில். ஞாயிறு தந்தையாரின் கடை. வீட்டிலிருந்து படிப்பகத்துக்கு இரண்டு பேருந்து; போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். எஞ்சியவை திங்களும் புதனும். அவற்றிலும் காலையில் தாயாருக்கு உதவ வேண்டும். பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை இரு நாளும் வந்தால் ஆறு மணித்தியாலம். முப்பது என்று சொன்ன வாய், கணக்குப் பார்த்தபின் ஆறு என்றது. அந்த ஆறுக்கும் பயணம் நான்கு மணித்தியாலத்தைத் தின்றுவிடும் என்பதும் அப்போதுதான் அவருக்குப் புலனாயிற்று.

கூடுதலாகச் சொல்லிக் குறைவாகச் செய்தால் என்ன குடிமுழுகிப்போகும் என்று சிலர் கேட்கலாம். முன்பொரு முறை வேறோர் இளைஞர் நாள்தோறும் வந்து கணிதம் கற்பிப்பதாக வாக்களித்தார். அவரை நம்பி, ஆறாந் தர, ஏழாந் தரப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பொன்றை வகுத்தோம். இருந்த ஆசிரியையை வேறு வகுப்புக்கு மாற்றினோம். முதல் வாரம் ஐந்து நாளும் வந்தார். இரண்டாம் வாரம் மூன்று நாள். மூன்றாம் வாரத்தில் வரவேயில்லை. பிள்ளைகள் கொப்பிகளை விரித்து வைத்துக்கொண்டு வாயிலைப் பார்த்திருந்த அந்த மாலைப்பொழுதை நாம் மறக்கவில்லை. அவர் தீயவரல்லர், தம் வாரத்தை எண்ணிப் பார்க்காதவர், அவ்வளவே. கடிதத்தில் எழுதும் மணித்தியாலம் ஓர் அலங்காரமன்று. அதன்மேல் மற்றவர் ஓர் ஏற்பாட்டைக் கட்டுகின்றனர்.

அம்மாணவர் திரும்ப எழுதிய கடிதம் இது:

“செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். வர்த்தகப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கின்றேன். எமது சனசமூக நிலையத்தின் காசேட்டை ஓராண்டு எழுதியுள்ளேன். தமிழில் பாமினியிலும் ஒருங்குறியிலும் தட்டச்சுச் செய்வேன். தங்கள் கணக்கு வேலையில் உதவி, வங்கிக் கணக்கிணக்கம் பழக விரும்புகின்றேன். திங்கள், புதன் பிற்பகல் 2 முதல் 5 வரை, வாரம் 6 மணித்தியாலம், நான்கு மாதம் வர இயலும். முதல் நான்கு வாரத்தைப் பரீட்சார்த்தமாகக் கொள்ளலாம். என்னைப் பற்றி நிலையத் தலைவரிடம் விசாரிக்கலாம்.”

கீழே பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. ஒரு நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். மறுமொழியாக “வரும் திங்கள் வருக” என்ற மூன்று சொற்களே போதும். மறுமொழி அன்று மாலையே சென்றது.

தொண்டுக்கு மணிக்கணக்குப் பார்ப்பது வணிகரின் மனப்பான்மை அன்றோ என்பாரும் உளர். நம் நாட்டில் 1958 ஆம் ஆண்டிலே, கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்கள் தம் ஆசிரியர் ஆரியரத்தினாவுடன் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்று சிரமதானம் செய்தனர். சர்வோதய இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. அத்தகைய முகாமிற் பலர் கூடிக் குறித்த சில நாளில் உழைப்பர். ஒருவர் வராவிடினும் மண்வெட்டி நில்லாது. வாராவாரம் நடக்கும் வேலை அவ்வாறன்று. கணக்கேட்டின் முன் இருப்பவர் ஒருவரே. அவர் வராத நாளில் அவ்வேடு மூடியே கிடக்கும். ஆகையால், அளந்து சொல்வது இங்கு கஞ்சத்தனமாகாது. சொல்லைக் காப்பதற்குரிய வழியாகும்.

நிறுவனங்களுக்கும் ஒரு சொல் உண்டு. அளந்து வந்தவரை அளவின்றிப் பயன்படுத்தலாகாது. ஆறு மணித்தியாலம் தருபவரை மெல்ல மெல்ல முழுநாளும் இருத்திக்கொள்வது, சம்பளத்துக்குரிய ஒரு பதவியை மறைத்து வைப்பதாகும். அவ்வாறு கேட்கப்படின், இளைஞர் மறுப்பதில் தவறில்லை. பேருந்துக் கட்டணத்தையேனும் கொடுத்தலும், அருகிருந்து வேலையைப் பார்வையிட ஒருவரை நியமித்தலும், முடிவிற் செய்த வேலையையும் மணித்தியாலத்தையும் குறித்து ஒரு கடிதம் வழங்குதலும் நிறுவனத்தின் கடமை. அனுபவம் தேடி வந்தவரைப் பூட்டிய அலுமாரியின் முன் இருத்திவிட்டு, அனுபவம் தந்தோம் என்பது முறையன்று.

அம்மாணவர் வந்தார். முதல் மாதம் பற்றுச்சீட்டுக்களை ஒழுங்கு செய்தார். இரண்டாம் மாதத்திற் பொருளாளர் அவரிடம் வங்கிக் கூற்றைக் கொடுத்தார். காசேட்டின் மீதியினும் வங்கிக் கூற்றின் மீதி 21,250 ரூபா கூடுதலாக இருந்தது. இரு திங்களும் ஒரு புதனும் இருந்து, அவர் அதைப் பிரித்தெடுத்தார். நாம் எழுதிக் கொடுத்த காசோலையொன்று, 7,000 ரூபா, இன்னும் வங்கிக்குச் சமர்ப்பிக்கப்படவில்லை. வங்கி அறவிட்ட கட்டணம் 750 ரூபா நமது காசேட்டிற் பதியப்படவில்லை. எஞ்சிய 15,000 ரூபா, அன்பர் ஒருவர் நேரே வங்கியில் இட்ட நன்கொடை. அது வந்ததை நாம் அறியவில்லை. ஆகையால் அவருக்குப் பற்றுச்சீட்டும் செல்லவில்லை, நன்றியும் செல்லவில்லை. மூன்று மாதம் மௌனமாயிருந்த நம்மைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பாரோ! அன்றே கடிதம் எழுதினோம். அதனைத் தட்டச்சுச் செய்தவரும் அம்மாணவரே.

காய்ச்சலால் ஒரு வாரம் வராதுபோனார். அதையும் முன்கூட்டியே அறிவித்தார். பதினாறு வாரத்திற் பதினைந்து வாரம் வந்தமையால், நாம் வழங்கிய கடிதத்தில் “தொண்ணூறு மணித்தியாலம்” என்று எழுதினோம். தொண்ணூற்றாறு என்று எழுதலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னபோது, “வேண்டாம், ஐயா, வந்ததை மட்டும் எழுதுங்கள்” என்றார் அவர்.

இம்மலரை வாசிக்கும் மாணவர்களுள் எவரேனும் இத்தகைய கடிதத்தை எழுத எண்ணுவராயின், பேனாவை எடுக்குமுன் ஒரு தாளில் தம் வாரத்தின் ஏழு நாட்களையும் வரைந்து பார்ப்பாராக. கடிதத்துக்கு வேண்டியவற்றுட் பாதி அத்தாளிலேயே கிடைத்துவிடும்.